உகந்த வெப்பநிலை 35 என்றால் பெர்மென்டிங் அறையை ஏன் குளிராக வைக்கிறார்கள்?

பெப்ரவரி 3, இரவு 8.40 | ஹட்டன் மாணவி

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். போன கிழமை பள்ளியிலிருந்து ஒரு தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைக்கும் அறையில் வெப்பமானி 22 காட்டியது. வெயில் நேரத்தில் 25ஐத் தாண்டவிட மாட்டோம், ஈரக்காற்று அடித்துக் குளிரவைப்போம் என்று அங்கிருந்தவர் சொன்னார். எங்கள் குறிப்பிலோ தேயிலையின் பொலிபீனோல் ஒட்சிடேசுக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை என்று இருக்கிறது. இலையைச் சிவக்க வைப்பது அந்த நொதியம்தானே? அது நன்றாக வேலை செய்கிற சூட்டைக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியாதா? சேரிடம் கேட்டேன். "ருசிக்காக" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

பெப்ரவரி 3, இரவு 9.15 | பண்டாரவளை

35இல் நொதியம் இறந்துவிடும் தங்கச்சி. எல்லா நொதியமும் சூட்டுக்குப் பயந்தது. அதனால்தான் குளிராக வைக்கிறார்கள்.

பெப்ரவரி 3, இரவு 10.50 | கொட்டகலை

35இல் இறக்காது. தேயிலையின் இந்த நொதியம் 35இல் மணிக்கணக்காகத் தாங்கும். சூட்டில் அழியும் என்பது சரி, அந்த அழிவு இந்த அறையில் நடப்பதில்லை, ட்ரையரில் நடக்கிறது. நான் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன், அதற்கு முன் இரசாயனம் படித்தவன். நாளை ஷிப்ட் முடிந்ததும் ஆறுதலாக எழுதுகிறேன், கேள்வி அதற்குத் தகுதியானது.

இப்போதைக்கு ஒன்று மட்டும். 35 என்ற அந்த எண்ணை எவ்வளவு நேரம் வைத்து அளந்தார்கள் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறதா?

பெப்ரவரி 4, காலை 6.30 | ஹட்டன் மாணவி

இல்லை. வளைகோடு மட்டும் இருக்கிறது. மலை மாதிரி ஏறி, 35க்குப் பிறகு செங்குத்தாக இறங்குகிறது. நேரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெப்ரவரி 4, இரவு 9.30 | கொட்டகலை

நேரம்தான் எல்லாம். அந்த வளைகோட்டைப் பார்த்தால் நொதியத்துக்குள் ஒரு எண் பதிந்திருப்பது போலத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. சூடு ஏறும்போது இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது. ஒன்று, வினை வேகமாகிறது. 10 பாகைக்குச் சுமார் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மற்றது, நொதியத்தின் மடிப்பு குலைந்து போவதும் வேகமாகிறது. அது இரண்டு மடங்கோடு நிற்காது. குறிப்பிட்ட ஒரு சூட்டைத் தாண்டினால் 10 பாகைக்குப் பத்து, இருபது மடங்கு என்று பாயும். ஏனென்றால் புரதச் சங்கிலியைப் பிடித்து வைத்திருப்பவை ஏராளமான மெலிந்த பிணைப்புகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக விடுவதில்லை. சில விட்டால் பக்கத்தில் உள்ளவையும் சேர்ந்து விடுகின்றன. உங்கள் வளைகோடு ஏறும்போது சாய்வாகவும் இறங்கும்போது செங்குத்தாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளங்கிக்கொள்வதற்காக நானே வைத்தவை, தேயிலையில் அளந்தவை அல்ல. ஒரு நொதியம் 25 பாகையில் நிமிடத்துக்கு 10 அலகு விளைபொருள் தருகிறது என்று வைப்போம். 35இல் 20, 45இல் 40, 55இல் 80. இனி அழிவு. 25இல் அழிவே இல்லை. 35இல் 10 மணித்தியாலத்தில் பாதி அழியும். 45இல் அரை மணித்தியாலத்தில் பாதி. 55இல் 3 நிமிடத்தில் பாதி.

5 நிமிடம் விட்டு அளந்தால் 25இல் 50 அலகு, 35இல் ஏறத்தாழ 100, 45இல் 189, 55இல் 237. "இந்த நொதியத்துக்கு உகந்தது 55" என்று எழுதிவிடுவீர்கள்.

அதே நொதியத்தை 2 மணித்தியாலம் விட்டு அளந்தால் 25இல் 1200, 35இல் 2240, 45இல் 1620, 55இல் 346. இப்போது உகந்தது 35.

இன்னும் விட்டு, 30 மணித்தியாலத்தில் பாருங்கள். 35இல் 15,000 சொச்சம், 25இல் 18,000. உகந்தது 25 ஆகிவிட்டது.

நொதியம் ஒன்றுதான். மாறியது கடிகாரம். 55இல் நாள் முழுக்க வைத்தாலும் 346க்கு மேல் வராது என்பதையும் கவனியுங்கள். ஆரம்ப வேகம் எட்டு மடங்கு, மொத்த வேலையோ அற்பம். ஆகவே "உகந்த வெப்பநிலை 35" என்று யாராவது சொன்னால் உடனே கேட்க வேண்டியது, எத்தனை நிமிடத்தில் என்று.

பெப்ரவரி 4, இரவு 10.05 | பண்டாரவளை

கணக்கு நல்லது. ஆனால் இதன்படி 2 மணித்தியாலத்துக்கு 35தான் சிறந்தது. தொழிற்சாலையில் உருட்டத் தொடங்கியதிலிருந்து ட்ரையருக்குப் போக அதே இரண்டு, மூன்று மணித்தியாலம்தானே ஆகிறது? தங்கச்சியின் கேள்வி அப்படியே நிற்கிறது.

பெப்ரவரி 4, இரவு 10.20 | கொட்டகலை

நிற்கிறது, ஆமாம். முதல் பாதியைத்தான் எழுதினேன். மற்றப் பாதிக்கு நொதியத்தை விட்டுவிட்டு இலைக்குள் போக வேண்டும்.

பெப்ரவரி 5, பகல் 1.10 | நுவரெலியா அடுப்படி

இந்த இழையைப் பார்த்ததும் சந்தோஷம். எனக்கும் இதே பிரச்சினை! நுவரெலியாவுக்குக் குடிவந்ததிலிருந்து தோசை மா புளிப்பதே இல்லை. கொழும்பில் இரவு ஊறவைத்து அரைத்தால் காலையில் பொங்கி வழியும். இங்கே அடுத்த நாள் பின்னேரம்கூட அசையாமல் கிடக்கிறது. பெர்மென்டிங் அறையைக் குளிராக வைத்தால் தேயிலை மட்டும் எப்படிப் புளிக்கிறது?

பெப்ரவரி 5, பகல் 3.00 | பழைய டீமேக்கர்

அக்கா, தேயிலை புளிப்பதே இல்லை. பெயர் மட்டும்தான் அப்படி. உங்கள் மாவைப் பொங்க வைப்பது கிருமிகள். அவை பெருக வேண்டும், பெருகச் சூடு வேண்டும். தேயிலையில் கிருமி வந்தால் அன்றைய சரக்கு கெட்டது என்று பொருள். அதனால்தான் அந்த அறைத் தரையையும் தட்டுகளையும் தினமும் கழுவுவோம். இலை தன் சாற்றாலேயே தானே சிவக்கிறது. மாவுப் பாத்திரத்தை அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் துணி சுற்றி வையுங்கள், சரியாகிவிடும்.

பெப்ரவரி 5, இரவு 9.45 | கொட்டகலை

ஐயா சொன்னது சரி. அக்காவின் மாவில் வேலை செய்பவையும் கடைசியில் அந்தக் கிருமிகளுக்குள் இருக்கும் நொதியங்கள்தான். 28இலிருந்து 16க்கு இறங்கினால் அவற்றின் வேகமும் பாதிக்குக் கீழே போய்விடும். அதற்கு மேல், உயிர்கள் பெருகவும் வேண்டியிருப்பதால் தாமதம் இன்னும் கூடுகிறது.

இனி இலைக்குள் வருவோம். உயிருள்ள கொழுந்தில் நொதியமும் அது வேலை செய்யும் கேட்டகின்களும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. கேட்டகின்கள் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள் இருக்கின்றன. பொலிபீனோல் ஒட்சிடேசு பச்சையவுருமணியில். இரண்டுக்கும் நடுவே மென்சவ்வுகள். ரோலரில் போட்டு நசுக்கும்போது சவ்வு கிழிகிறது, சாறு கலக்கிறது, காற்றில் இருந்து ஒட்சிசன் வருகிறது. மூன்றும் சேர்ந்தால்தான் சிவப்பு.

இந்த மூன்றாவதைப் பாடத்தில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆய்வுகூடக் குழாயில் ஒட்சிசன் தாராளமாக இருக்கும்படி கலக்கிக்கொண்டே அளப்பார்கள். அறையில் பரப்பிய இலையில் ஒட்சிசன் அந்த மெல்லிய சாற்றுப் படலத்தில் கரைந்து உள்ளே போக வேண்டும். தண்ணீரில் 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 35இல் 7தான். அது கடல்மட்டத்துக் கணக்கு, நம் மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் குறையும். ஆக, சூட்டைக் கூட்டினால் நொதியத்துக்குப் பசி கூடுகிறது, சாப்பாடு குறைகிறது. குழாயில் கிடைத்த இரண்டு மடங்கு இங்கே கிடைக்காது.

அடுத்ததுதான் முக்கியம். நொதியம் முதலில் கேட்டகினை ஒட்சியேற்றுகிறது. அப்படி உருவான இரண்டு வகைத் துணுக்குகள் சேர்ந்து தியாஃபிளேவின் வருகிறது. கோப்பையின் ஓரத்தில் தெரியும் பொன்னிறப் பளபளப்பும், நாக்கில் சுருக்கென்று பிடிப்பதும் அதனால். ஆனால் அது அங்கேயே நின்றுவிடாது. சுற்றியுள்ள ஒட்சியேறிய துணுக்குகளும் பெரொட்சிடேசு என்ற இன்னொரு நொதியமும் அதைப் பிடித்து மேலும் ஒட்சியேற்றி, கபில நிறத் தியாருபிஜின்களாக்கிவிடும். தியாஃபிளேவின் ஏறி, ஒரு உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். சூட்டைக் கூட்டினால் உச்சம் சீக்கிரம் வரும், ஆனால் தாழ்வாக வரும், வந்த வேகத்தில் இறங்கியும் விடும். குளிரில் உச்சம் தாமதமாகும், உயரமாக இருக்கும், சற்று நேரம் நிற்கும்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். 35 என்பது ஒரு நொதியத்தின் ஒரு வினை குழாயில் விரைவாக நடக்கும் இடம். தொழிற்சாலைக்கு வேண்டியது வேகம் அல்ல, நடுவழியில் உருவாகும் ஒரு பொருள். அதன் உகந்த வெப்பநிலை வேறு.

பெப்ரவரி 5, இரவு 11.00 | பழைய டீமேக்கர்

நாங்கள் இதை மூக்கால் செய்தோம். இலையின் பச்சை வாடை போய்ப் பழ வாசம் வரும், அந்த இடத்தில் ட்ரையருக்குத் தள்ள வேண்டும். வெயில் நாளில் அந்த இடம் பத்து நிமிடத்தில் கடந்துபோகும். குளிர்ந்த நாளில் அரை மணித்தியாலம் நின்று கொடுக்கும்.

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அறையின் சூட்டைப் பார்த்தால் மட்டும் போதாது. ரோலரே இலையைச் சூடாக்கும். அமுக்கம் கூடுதலாகப் போட்டால் இலை அறையைவிடப் பல பாகை கூடிவிடும். அதனால்தான் இடையிடையே இறக்கி ரோல் பிரேக்கரில் உதிர்த்து ஆறவிடுவோம். தடித்த குவியலாக வைத்தாலும் நடுவில் சூடு ஏறும். வெப்பமானியைக் குவியலுக்குள் செருகிப் பார்க்க வேண்டும். சுவரில் 22 இருக்கும், உள்ளே 29 இருக்கும்.

பெப்ரவரி 6, காலை 7.00 | ஹட்டன் மாணவி

இப்போது விளங்குகிறது. நானும் வீட்டில் செய்து பார்த்தேன்! லயத்துக்குப் பின்னால் உள்ள மரத்தில் கொழுந்து எடுத்து, ஒரு இரவு வாடவிட்டு, உரலில் இடித்தேன். ஒரு பங்கைத் தட்டில் பரப்பி மேசையில் வைத்தேன். இன்னொரு பங்கைப் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, கைக்கு இதமான சுடுதண்ணீரில் வைத்தேன். மேசையில் இருந்தது ஒரு மணித்தியாலத்தில் செம்பு நிறமானது. சுடுதண்ணீரில் இருந்தது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவந்து, மற்றப்படி பச்சையாகவே இருக்கிறது. அப்படியென்றால் பண்டாரவளை அண்ணா சொன்னதுபோல 35இலேயே இறந்துவிட்டதா?

பெப்ரவரி 6, காலை 7.20 | பண்டாரவளை

நான் சொன்னேனே.

பெப்ரவரி 6, பகல் 12.40 | கொட்டகலை

தங்கச்சி, பையைத் திறந்து அந்த இலையைத் தட்டில் பரப்புங்கள். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பெப்ரவரி 6, பகல் 2.15 | ஹட்டன் மாணவி

சிவந்துவிட்டது! மேசையில் இருந்ததைவிட வேகமாக.

பெப்ரவரி 6, இரவு 9.10 | கொட்டகலை

நொதியம் உயிரோடுதான் இருந்தது, காற்றில்லாமல் காத்திருந்தது. இந்த வகைச் சோதனையில் அடிக்கடி நடப்பது இது. வினை நடக்கவில்லை என்றவுடன் நொதியம் அழிந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தடையை எடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். திரும்பி வந்தால் அது அழிவு அல்ல.

உண்மையான அழிவைப் பார்க்க, இடிக்காத முழுக் கொழுந்தைக் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். ஆறவிட்டு, பிறகு இடித்து, தட்டில் பரப்புங்கள். காற்று இருக்கும், சாறு கலந்திருக்கும், கேட்டகின் அப்படியே இருக்கும். ஆனாலும் சிவக்காது. ஆறிவிட்டதே என்று மடிப்பு பழையபடி திரும்புவதில்லை. பச்சைத் தேயிலை செய்வதும் இப்படித்தான். ஆவியில் அரை நிமிடம், ஒரு நிமிடம் காட்டி, நொதியத்தை முடித்த பிறகே உருட்டுகிறார்கள். அதே மரம், அதே கொழுந்து, வரிசை மட்டும் மாறுகிறது.

பெப்ரவரி 7, காலை 8.30 | நுவரெலியா அடுப்படி

அப்படியென்றால் குளிரும் நொதியத்தைக் கொல்லுமா? போன மாதம் இங்கே பனி விழுந்து, குதிரைப் பந்தயத் திடல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தாழ்வான இடத்துத் தேயிலை வெயில் வந்த பிறகு கருகிப் போனது.

பெப்ரவரி 7, காலை 9.05 | பண்டாரவளை

ஆமாம் அக்கா, இரண்டு முனையிலும் அழிவுதான். வளைகோடு இரண்டு பக்கமும் பூச்சியத்துக்கு வருகிறதே.

பெப்ரவரி 7, இரவு 10.30 | கொட்டகலை

தம்பி, வளைகோட்டின் இரண்டு கால்களுக்கும் காரணம் வேறு வேறு. சூட்டுப் பக்கத்தில் நொதியம் குலைகிறது. குளிர்ப் பக்கத்தில் அது முழுதாக இருக்கிறது, மூலக்கூறுகள் மெதுவாக மோதுகின்றன, அவ்வளவுதான். சூடாக்கினால் திரும்பி ஓடும். மிகக் குளிரில் குலையும் புரதங்களும் சில உண்டு, ஆனால் கருகிய கொழுந்துக்குக் காரணம் அது இல்லை.

சொல்லப்போனால் பனியில் கருகிய இலை, நொதியம் சாகவில்லை என்பதற்கே சாட்சி. உறைபனி இலைக்குள் பனிக்கட்டியை உண்டாக்குகிறது. சவ்வுகள் கிழிகின்றன. வெயில் ஏறி உருகும்போது நொதியமும் கேட்டகினும் கலக்கின்றன. ரோலர் செய்யும் வேலையைப் பனி செய்துவிட்டது. நொதியம் செத்திருந்தால் இலை வாடித் தொங்கும், உடனே இப்படிக் கருக்காது.

இதையும் வீட்டில் பார்க்கலாம். ஒரு கொழுந்தை ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்து வெளியே எடுங்கள். உருகியவுடன் கபிலமாகும். இன்னொன்றைக் கொதிநீரில் முக்கி எடுத்து, பிறகு ஃப்ரீசரில் வையுங்கள். உருகினாலும் பச்சையாகவே நிற்கும். இரண்டிலும் சவ்வு கிழிந்துவிட்டது. வித்தியாசம் நொதியம் மட்டுமே.

பெப்ரவரி 8, மாலை 6.00 | பண்டாரவளை

ஒத்துக்கொள்கிறேன், இது அழகான சோதனை. பிஎச் பற்றி யாரும் பேசவில்லையே? பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் சட்டென்று வெளிறுகிறது. அமிலத்தில் நொதியம் அழிவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பெப்ரவரி 8, இரவு 8.20 | பழைய டீமேக்கர்

தம்பி, அந்தத் தேயிலை ட்ரையரில் வெந்து, பிறகு கொதிநீரிலும் ஊறியது. அதில் இனி எந்த நொதியம் இருக்கப் போகிறது?

பெப்ரவரி 8, இரவு 10.10 | கொட்டகலை

பிளேன்டீயில் நடப்பது சாயத்தின் குணம். தியாருபிஜின்கள் புரோத்தனை வாங்கினால் வெளிறும், விட்டால் கறுக்கும். கிளாஸில் துளி அப்பச்சோடா போட்டால் பழையபடி கறுத்துவிடும். நொதியத்துக்கு இதில் பங்கில்லை.

ஆனால் கேள்வி நல்லது, ஏனென்றால் நசுக்கிய கொழுந்தில் தேசிக்காய் பிழிந்தால் அது உண்மையாகவே சிவக்காது. இந்த நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் இரண்டு செம்பு அயன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் மூன்று இஸ்ரிடீன்கள் பிடித்திருக்கின்றன. அமிலம் கூடக்கூட இஸ்ரிடீன் புரோத்தனைப் பிடித்துக்கொண்டு செம்பைத் தளரவிடும். தேயிலையில் இந்த நொதியம் வேகமாக ஓடுவது பிஎச் ஐந்துக்கும் ஐந்தரைக்கும் பக்கத்தில். நசுக்கிய கொழுந்தின் சாறும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் தொடங்குகிறது, போகப்போகச் சற்றுப் புளிப்பாகிறது. தேசிக்காய்ச் சாறு பிஎச் 2 சொச்சம். அங்கே வேலை கிட்டத்தட்ட நின்றுவிடும்.

தங்கச்சி செய்து பார்ப்பதானால் தேசிக்காய் வேண்டாம், வினாகிரி எடுங்கள். தேசிக்காயில் விற்றமின் சி இருக்கிறது. நொதியம் ஒட்சியேற்றியதை அது உடனுக்குடன் திருப்பிவிடும். அப்போது இலை சிவக்காமல் இருந்தது அமிலத்தாலா, விற்றமினாலா என்று சொல்ல முடியாது.

பெப்ரவரி 9, காலை 6.50 | ஹட்டன் மாணவி

வினாகிரியில் இலை சிவக்கவில்லை. பிறகு அப்பச்சோடாக் கரைசல் விட்டேன், நன்றாகக் கபிலமானது. ஆகவே பிஎச் பாதிப்பு மீளக்கூடியது, சூட்டின் பாதிப்பு மீளாதது. இப்படி எழுதலாமா?

பெப்ரவரி 9, இரவு 9.40 | கொட்டகலை

இன்னும் எழுத வேண்டாம். கொதிநீரில் முக்கிய இலையை இடித்து, அதே அப்பச்சோடாக் கரைசலை அதன் மேலும் விட்டுப் பாருங்கள்.

பெப்ரவரி 10, காலை 6.40 | ஹட்டன் மாணவி

அதுவும் கபிலமாகிறதே! நொதியம் செத்த இலை எப்படி?

பெப்ரவரி 10, இரவு 10.00 | கொட்டகலை

காரக் கரைசலில் கேட்டகின் நொதியத்தின் உதவியே இல்லாமல் காற்றோடு சேர்ந்து ஒட்சியேறும். ஆகவே சோடா விட்டு வந்த நிறத்தை வைத்து நொதியம் மீண்டது என்று சொல்ல முடியாது. வினாகிரியை நடுநிலை வரைக்கும் கொண்டுவர வேண்டாம், ஐந்தரை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பள்ளியில் பிஎச் தாள் இருக்கும். சோடாவைத் துளித்துளியாக விட்டு ஐந்து, ஆறுக்கு நடுவில் நிறுத்துங்கள். பக்கத்தில் வேகவைத்த இலையையும் அதே அளவில் வையுங்கள். ஒன்று சிவந்து மற்றது சிவக்காவிட்டால்தான் நொதியம் மீண்டது.

விடை நேரத்தைப் பொறுத்தது. உகந்த பிஎச்சிலிருந்து கொஞ்சம் விலகினால் புரோத்தன் ஏறி இறங்குவதோடு முடியும், திரும்பக் கொண்டுவரலாம். மிகவும் விலகி, அங்கேயே கிடந்தால் மின்னேற்றங்கள் மாறி மடிப்பே அவிழும், செம்பும் கழன்று போகும், பிறகு வராது. எனவே "பிஎச் மீளும், சூடு மீளாது" என்று கோடு கிழிக்க முடியாது. இரண்டிலும் மீளும் பகுதியும் உண்டு, மீளாத பகுதியும் உண்டு.

இன்னொன்று. தியாஃபிளேவின் அதிகம் கிடைப்பது நொதியம் வேகமாக ஓடும் ஐந்தரையில் அல்ல, அதைவிடச் சற்றுப் புளிப்பான நாலரைப் பக்கம் என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். வெப்பநிலையில் பார்த்த அதே கதை.

பெப்ரவரி 11, இரவு 8.50 | பழைய டீமேக்கர்

ட்ரையரை விட்டுவிட்டீர்களே. பிள்ளைகள் அங்கே சூடு பட்டவுடன் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

உள்ளே போகும் காற்று 90க்கு மேல், வெளியேறும் காற்று 50ஐத் தாண்டி இருக்கும்படி பார்ப்போம், இருபது நிமிடம் அளவில் தூள் கீழே விழும். வெளியேறும் காற்று 50க்குக் கீழே இறங்கினால் கோப்பையில் அவிந்த ருசி வரும். பளபளப்பே இருக்காது. விறகு ஈரம், மின்விசிறியின் பட்டி தளர்ந்தது, இலையைத் தடிப்பாகப் போட்டது, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

பெப்ரவரி 12, இரவு 9.20 | கொட்டகலை

ஐயா சொல்லும் அவிந்த ருசிக்குள் இந்த இழையில் பேசிய எல்லாமே இருக்கிறது. ஈர இலை ட்ரையருக்குள் போனவுடன் 90ஐ எட்டாது. தண்ணீர் ஆவியாகும் வரைக்கும் இலை தன்னைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும், 40, 50 பாகையில் நிற்கும். அந்தச் சில நிமிடம் நொதியம் முன்பு எப்போதும் ஓடாத வேகத்தில் ஓடுகிறது. என் கணக்கில் 45, 55இன் முதல் 5 நிமிடம் ஞாபகம் இருக்கிறதா, அதுதான். சீக்கிரம் கடந்தால் பாதகமில்லை. காற்று சூடு குறைந்தால் இலை அந்த இடத்திலேயே தங்கி, கட்டிக்காத்த தியாஃபிளேவின் அங்கே கரைந்து போகும்.

அதற்காக 120, 130 என்று அடித்தாலும் பிழை. துணுக்கின் வெளிப்புறம் சட்டென்று காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் அடைபடும். இதில் இன்னொரு சிக்கல், காய்ந்த புரதம் சூட்டை அதிகம் தாங்கும். நொதியத்தைக் குலைக்கச் சூட்டோடு தண்ணீரும் வேண்டும். ஆகவே ஈரம் இருக்கும்போதே சூடு உள்ளே எட்ட வேண்டும், பிறகு ஈரம் 3 சதவீதம் அளவுக்கு இறங்க வேண்டும்.

பெப்ரவரி 12, இரவு 10.15 | பழைய டீமேக்கர்

டிம்புள்ளப் பக்கம் இந்த மாதங்களில் நல்ல விலை கிடைப்பதும் இந்தக் குளிர்ந்த இரவுகளால்தான். மெதுவாகச் சிவக்கிறது.

பெப்ரவரி 12, இரவு 10.40 | கொட்டகலை

ஐயா, அதை முழுதாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வரண்ட காற்றில் மரமே மெதுவாக வளர்ந்து, கொழுந்துக்குள் வாசனைப் பொருள்கள் கூடுகின்றன. ஊவாவில் நல்ல காலம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை. அங்கே அப்போது காற்று அடிக்கும், இரவுக் குளிர் மட்டும் காரணமாக இருந்தால் அங்கும் ஜனவரியில்தானே வர வேண்டும்?

பெப்ரவரி 13, காலை 5.50 | பழைய டீமேக்கர்

ஊவாக் காற்று வாட்டும் தொட்டியில் செய்கிற வேலை வேறு. ஒரே கொழுந்தை இரண்டு அறையில் வைத்துப் பார்த்தவன் நான். பிறகு பேசுவோம்.

பெப்ரவரி 14, மாலை 7.30 | ஹட்டன் மாணவி

பிஎச் தாளை வைத்துச் செய்தேன். வினாகிரியில் 10 நிமிடம் இருந்தது ஐந்தரைக்குக் கொண்டுவந்ததும் மெதுவாகச் சிவந்தது, வேகவைத்தது சிவக்கவில்லை. ஒரு இரவு வினாகிரியில் கிடந்தது சிவக்கவே இல்லை. ஒரு கேள்வி மீதி. வீட்டில் தேயிலைத் தூளைத் திறந்து வைத்தால் சில மாதத்தில் ருசி போய்விடுகிறது. நொதியம் முழுதாகச் செத்திருந்தால் அது ஏன்?

பெப்ரவரி 14, இரவு 10.20 | கொட்டகலை

பாதிக்கு மேல் காரணம் நொதியமே இல்லை. வாசனைப் பொருள்கள் பறந்து போவதும், காற்றோடு மெதுவாக ஒட்சியேறுவதும்தான். ஆனால் பெரொட்சிடேசு விடாப்பிடியான நொதியம். காய்கறியைக் கொஞ்ச நேரம் மட்டும் சூடாக்கி வைத்தால் செத்தது போலக் கிடந்து, பிறகு கொஞ்சம் உயிர்ப்பு திரும்பும். உறையவைக்கும் காய்கறிக்குச் சூடு போதுமா என்று பார்க்க அதைத்தான் சோதிக்கிறார்கள், கடைசியாகச் சாவது அது என்பதால். ட்ரையரில் சூடு குறைந்த நாளின் தூளில் அது மிஞ்சியிருக்கலாம், மழைக்காலத்தில் தூள் ஈரம் இழுக்கும்போது வேலை தொடங்கலாம்.

உங்கள் பள்ளி ஆய்வுகூடத்தில் குவாயக்கோலும் ஐதரசன் பரஒட்சைட்டும் இருந்தால், தூளைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து வடித்துச் சோதிக்கச் சொல்வேன், மிஞ்சியிருந்தால் செங்கபிலம் காட்டும். ஆனால் தேயிலையின் சொந்த நிறம் கண்ணை மறைக்கும், கேட்டகின்களும் குறுக்கே வரும். நொதியத்தை முதலில் அவற்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், அது பள்ளியில் நடக்கிற காரியமா என்று சேரிடம் கேளுங்கள். அதுவரை தூளை இறுக மூடிய டின்னில் வைக்கச் சொல்லுங்கள் அம்மாவிடம்.